அம்மாவின் தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

மெல்போர்ன்
ஜூன் கடைசி வாரம்

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மா, அத்தை, சித்தி, சித்தப்பா எல்லோருக்கும்,

நமஸ்காரம். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவைப் பற்றி ஒவ்வொருவரும் தனித்தனியாக என்னிடம் போனில் கேட்டீர்கள். நான் ஒருவரிடம் சொன்னது அடுத்தவரிடம் போய்ச் சேரும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அத்தை "அண்ணிக்குத் தைராய்டு ரொம்ப அதிகமாமே" என்று கேட்டார்கள். பெரியப்பா "குறைவுன்னுதானே சொன்னாங்க, இப்ப அதிகம்ங்கிறாங்களே" என்று குழம்பினார். அதனால் எல்லோருக்கும் சேர்த்து, நிதானமாக, ஒரே கடிதமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். அம்மாவோடு தினமும் இருக்கப்போவது நீங்கள்தான். நான் போனில் மட்டும்தான் இருக்கிறேன்.

அப்பா போனதிலிருந்து அம்மா சோர்ந்துபோனது நம் எல்லோருக்கும் தெரியும். துக்கம்தான் காரணம் என்று நாம் நினைத்தோம், நானும் அப்படியேதான் நினைத்தேன். பேச்சு குறைந்தது, எதிலும் நாட்டமில்லை, பகலிலும் படுத்துக்கொண்டார்கள். ஒன்று சொன்னால் புரிந்துகொண்டு பதில் சொல்லவே நேரம் எடுத்தது. ஆனால் சித்திரை வெயிலில், தஞ்சாவூர் தகிக்கும்போது, ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வை போர்த்திப் படுத்தார்கள் என்று சித்தி சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. துக்கத்தில் மனசு சோரும், சித்திரையில் உடம்பு குளிராது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போனில் அம்மாவின் குரல் கட்டைக் குரலாகிவிட்டிருந்தது, நான் ஒவ்வொரு முறையும் "சளி பிடிச்சிருக்காம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். காலையில் முகம் வீங்கியிருந்தது. சாப்பாடு பாதியாகக் குறைந்தும் எடை ஐந்து கிலோ ஏறியிருந்தது. மலச்சிக்கல் வேறு. விரலில் இருந்த பழைய மோதிரத்தை சோப்பு போட்டும் கழற்ற முடியவில்லை.

பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் சித்தி இதையெல்லாம் சொன்னதும், அவர் அம்மாவை நாற்காலியில் முழங்கால் போட்டு உட்காரவைத்து, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினாராம். பாதம் சட்டென்று துள்ளியது, ஆனால் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்ல மெல்ல இறங்கியது. "இரத்தம் எடுத்துப் பார்ப்போம், தைராய்டாத்தான் இருக்கும்" என்று அப்போதே சொல்லிவிட்டார்.

இனி அந்த அதிகம், குறைவு குழப்பத்துக்கு வருகிறேன்.

தைராய்டு என்பது நோயின் பெயர் அல்ல. நம் எல்லோருடைய கழுத்திலும், குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் ஒரு சுரப்பியின் பெயர். அது முக்கியமாகச் சுரக்கும் ஹார்மோனின் பெயர் டி4. உடம்பு எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். இதயம் துடிக்கும் வேகம், குடல் நகரும் வேகம், உடம்பு சூடு உண்டாக்குவது, மூளை யோசிப்பது எல்லாம் அதைப் பொறுத்தது. அம்மாவுக்கு அந்த டி4 குறைந்துவிட்டது. அதனால் தலை முதல் கால் வரை எல்லாமே மெதுவாக ஓடியது. பாதம் மெதுவாகத் திரும்பியதும் அதனால்தான்.

அப்படியானால் ரிப்போர்ட்டில் எது அதிகம்? டி.எஸ்.எச் என்ற இன்னொன்று. அது கழுத்தில் சுரப்பது அல்ல, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சின்னச் சுரப்பியிலிருந்து வருவது. "டி4 அனுப்பு" என்று தைராய்டைக் கூப்பிடுவது அதன் வேலை. நம் பழைய வீட்டில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கொல்லையில் இருக்கும் ஆளைக் கூப்பிடுவாரே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் உடனே "இதோ வந்துட்டேங்கய்யா" என்றால் தாத்தா மெல்லிய குரலில் பேசுவார். பதிலே வராவிட்டால் குரல் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் தெருவே கேட்கும்படி கத்துவார். டி.எஸ்.எச் என்பது அந்தக் குரலின் சத்தம். சாதாரணமாக அது சுமார் 0.4 முதல் 4 வரை இருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். அம்மாவுக்கு 38 இருந்தது. அதாவது பிட்யூட்டரி கத்திக்கொண்டிருக்கிறது, தைராய்டால் பதில் சொல்ல முடியவில்லை. கூடவே பார்த்த டி4, இருக்க வேண்டிய அளவின் கீழெல்லைக்கும் கீழே இருந்தது. டி.எஸ்.எச் ஏறினால் தைராய்டு குறைவு, டி.எஸ்.எச் ரொம்ப இறங்கினால் தைராய்டு அதிகம். அத்தையும் பெரியப்பாவும் கேட்டது இரண்டுமே சரி, பேசியது வேறு வேறு எண்ணைப் பற்றி.

தைராய்டு ஏன் ஓய்ந்தது என்று பெரியம்மா கேட்டார்கள். நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடும் காவல் படை ஒன்று இருக்கிறது. சிலருக்கு அது தன் வீட்டு ஆளையே திருடன் என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிடும். அப்படித் தைராய்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும் இந்த நிலைக்கு ஹஷிமோட்டோ என்று பெயர். 1912-இல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய டாக்டரின் பெயர் அது. அந்தப் படை தைராய்டுக்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருள் அம்மாவின் இரத்தத்தில் மிக அதிகமாக இருந்தது. அம்மா எதையும் தப்பாகச் சாப்பிட்டதால் இது வரவில்லை. கோஸும் காலிஃபிளவரும் வாங்குவதையே சித்தி நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வேகவைத்துப் பொரியலாக, நாம் சாப்பிடும் அளவில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, தாராளமாக வாங்குங்கள். உப்பும் இப்போது இருக்கும் அயோடின் கலந்த உப்பே இருக்கட்டும். அயோடின் குறைவால் அம்மாவுக்கு இது வரவில்லை, அதனால் அயோடினைக் கூட்டினாலும் தீராது.

சுரப்பி செய்ய முடியாததை மாத்திரையாகக் கொடுப்பதுதான் வைத்தியம். அந்த மாத்திரைக்கு லெவோதைராக்சின் என்று பெயர், உள்ளே இருப்பது அதே டி4தான். பெரியப்பா, "வாழ்நாள் முழுக்க மாத்திரையா, உடம்பு அதுக்கு அடிமையாகிடாதா" என்று கேட்டீர்கள். உடம்பு தானே செய்துகொண்டிருந்த பொருளைத்தான் வெளியிலிருந்து தருகிறோம். கிணறு வற்றிய வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வருவது மாதிரி. ரிப்போர்ட் நன்றாக வந்த பிறகு நிறுத்தினால், நன்றாக வரவைத்ததே அந்த மாத்திரைதான் என்பதால், சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். நாட்டு மருந்து வேண்டாம் என்று நான் சண்டை போடவில்லை. அதற்காக இதை நிறுத்த மட்டும் வேண்டாம், வேறு எதைத் தொடங்குவதாக இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது 50 மைக்ரோகிராம் மாத்திரை. ஒரு மில்லிகிராமை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். இவ்வளவு சின்ன அளவு என்பதால்தான் எதோடு சேர்த்து விழுங்குகிறோம் என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது. இதைத்தான் நாம் தவறவிட்டோம்.

மே முதல் வாரம் மாத்திரை தொடங்கினோம். ஆறு வாரம் கழித்து இரத்தம் எடுத்தபோது டி.எஸ்.எச் 38-லிருந்து 29-க்குத்தான் இறங்கியிருந்தது. ஒரு நாளும் விடாமல் போட்டும் இவ்வளவுதானா என்று எனக்கு ஒரே கவலை. மறுநாள் வீடியோ காலில் அம்மா சமையலறையில் இருந்தார்கள். இங்கே காலை பத்து மணி, அங்கே ஐந்தரை. டபரா டம்ளரில் காபியை ஆற்றி மேடையில் வைத்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த, ஏழு நாளுக்கும் அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தார்கள். தைராய்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை, எலும்புக்கான பெரிய வெள்ளை கால்சியம் மாத்திரை மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டு, காபியைக் குடித்தார்கள். "பாரு, மறக்கவே இல்லை" என்று கையை விரித்துக் காட்டினார்கள்.

அம்மாவின் மேலோ, அந்த டப்பாவை வாராவாரம் அவ்வளவு அக்கறையாக நிரப்பித் தந்த சித்தியின் மேலோ ஒரு குறையும் இல்லை. "வெறும் வயிற்றில்" என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது. நம் வீடுகளில் காபி குடித்தாலும் வெறும் வயிறுதான், டிபன் சாப்பிட்டால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. இந்த மாத்திரைக்கு அந்தக் கணக்கு ஆகாது. காபியோடு போனால் குடல் மாத்திரையை உறிஞ்சுவது குறைந்துவிடும். கால்சியமும் கெடுதல்தான். வயிற்றுக்குள்ளேயே தைராய்டு மாத்திரையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, இரத்தத்தில் கலக்கவிடாமல், மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். அம்மா 50 போட்டார்கள், உள்ளே போனது அதில் எவ்வளவோ.

இதை டாக்டரிடம் சொன்னதும், 75 ஆக்கலாம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "50-ஐயே ஒழுங்கா போட்டுப் பார்ப்போம்" என்றார். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! அளவைக் கூட்டிய பிறகு காபியும் கால்சியமும் விலகியிருந்தால், முழு மாத்திரையும் ஒரேயடியாக உள்ளே போய் அளவு மீறியிருக்கலாம். அம்மாவுக்கு 61 வயது. இத்தனை நாள் மெதுவாக ஓடிய இதயத்தைத் திடீரென்று விரட்டக் கூடாது என்றுதான் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகப் போகிறார்கள்.

இப்போது மாற்றியிருக்கும் முறையைச் சொல்கிறேன், சித்தி இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஐந்து மணிக்கு எழுந்ததும், வாசல் கதவைத் திறக்கும் முன்னால், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை மட்டும். பிறகு வாசல் தெளித்துக் கோலம் போட்டு, குளித்து, பூப்பறித்து விளக்கேற்ற ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதற்குப் பிறகு காபி. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். சும்மா உட்கார்ந்து காபிக்குக் காத்திருக்கச் சொன்னால் அம்மாவுக்குப் பெரிய தண்டனை. வேலையோடு வேலையாகப் போனால் நேரம் தெரிவதில்லை. பிரஷர் மாத்திரை டிபனுக்குப் பிறகு, டாக்டரே அப்படிச் சொல்லியிருக்கிறார். கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துக்கும் இதே நான்கு மணிக் கணக்குதான்.

தைராய்டு மாத்திரையை அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டாம், அது வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். வெளிச்சமும் ஈரமும் சூடும் பட்டால் இந்த மாத்திரைக்கு வீரியம் குறையும். அடுப்பு மேடையை விட்டு எடுத்து, கூடத்தில் தினசரி காலண்டருக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாத்திரை போட்ட பிறகுதான் காலண்டர் தாளைக் கிழிக்க வேண்டும் என்று அம்மாவோடு பேசிவைத்திருக்கிறேன். யார் வீட்டுக்குள் வந்தாலும் தாளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், "போட்டியா, போட்டியா" என்று கேட்டு அம்மாவை நச்சரிக்க வேண்டாம். ஒருநாள் மறந்தால் பதற வேண்டாம். இன்று போடும் மாத்திரையில் ஏறக்குறைய பாதி ஒரு வாரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அன்றைக்கே ஞாபகம் வந்தால், சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆனபின் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் வழக்கம்போல ஒன்று மட்டும், இரண்டாகப் போடக் கூடாது. ஏகாதசி, பிரதோஷம் என்று அம்மா விரதம் இருந்தால் இருக்கட்டும், தண்ணீரும் மாத்திரையும் அன்றும் உண்டு.

மாத்திரை இப்படி மெல்ல மெல்லச் சேர்வதால்தான் பலனும் மெல்ல வருகிறது. "இவ்வளவு நாளா போட்டும் அக்கா அப்படியேதான் இருக்கா" என்று சித்தப்பா வருத்தப்பட்டீர்கள். உடம்பில் டி4 ஒரு சீரான அளவுக்கு வந்து நிற்கவே ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குப் பிறகுதான் பிட்யூட்டரி நம்பிக் குரலைத் தாழ்த்தும். அதனால்தான் ஆறு வாரத்துக்கு முன்னால் டி.எஸ்.எச் பார்ப்பதில் அர்த்தமில்லை. அம்மாவின் சரியான கணக்கு, முறையை மாற்றிய ஜூன் 17-இலிருந்துதான் தொடங்குகிறது. சோர்வும் குளிரும் முதலில் விலகும். முடி கொட்டுவதும் தோல் வறட்சியும் சில மாதம் எடுத்துக்கொள்ளும். ஏறிய ஐந்து கிலோவும் அப்படியே இறங்கிவிடாது, உடம்பில் கோத்திருக்கும் நீர் வடியும் அளவுக்குத்தான் குறையும். கொலஸ்ட்ரால் கூடியிருப்பதும் தைராய்டால் இருக்கலாம், இது சரியான பிறகு திரும்பப் பார்த்துவிட்டு அதற்கு மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்வோம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அத்தை, நீங்களும் இதே மாத்திரை போடுகிறீர்கள். அம்மாவிடம் தீர்ந்துபோனால் உங்களிடம் இருப்பதைத் தருவதாகச் சொன்னீர்கள், உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் உங்களுடையது 100, அம்மாவுடையது 50. பாட்டில் ஒரே மாதிரி இருந்தாலும் அளவு இரட்டிப்பு. அவசரத்துக்குக்கூட மாற்றிக்கொள்ள வேண்டாம். மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாலும் வாங்காதீர்கள், முடிந்தவரை ஒரே கம்பெனிதான் வேண்டும். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆறு வாரத்தில் இரத்தம் பார்க்க வேண்டியிருக்கும்.

அளவு அதிகமாகிவிட்டால் எப்படித் தெரியும்? நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது, வியர்த்துக் கொட்டும், காரணமில்லாமல் எடை இறங்கும். "அம்மா சுறுசுறுப்பாயிட்டாங்க" என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டு இதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. பல மாதம் அப்படியே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயலாம். இப்படி ஏதாவது தெரிந்தால் தேதி வரும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நெஞ்சுவலி வந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கமும் உடம்பு சில்லிட்டுப் போவதும் பேச்சுக் குழறலும் இருந்தாலோ யாரையும் கேட்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இது மிக அபூர்வம்தான், இருந்தாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

ஆவணியில் கல்யாணம் வருகிறது. திருச்சிக்கு எல்லோரும் முதல் நாளே போவீர்கள். கல்யாண வீட்டில் விடிகாலை நாலரைக்கே காபி வந்துவிடும், "அண்ணி குடிங்க, ஆறிடும்" என்று கையில் திணிப்பார்கள், அம்மாவுக்கு மறுக்கத் தெரியாது. அம்மாவின் கைப்பையில் மாத்திரை பாட்டிலும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கிறதா என்று பெரியம்மா கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் மாத்திரையைப் போடச் சொல்லிவிட்டால், அலங்காரம் முடிவதற்குள் காபி நேரம் வந்துவிடும்.

சித்தி, உங்களுக்கென்று ஒன்று. இது தொற்றுவது அல்ல, ஆனால் குடும்பத்தில் ஓடும், பெண்களுக்கு அதிகம் வரும். நீங்கள் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. ஒரு வருஷமாக முடி கொட்டுவதாகவும், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்றும் நீங்களே என்னிடம் சொன்னீர்கள். அம்மாவுக்கு இரத்தம் எடுக்கப் போகும் அன்றைக்கே உங்களுக்கும் ஒரு டி.எஸ்.எச் பார்த்துவிடுங்கள். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், தட்டக் கூடாது.

அம்மாவுக்கு இரத்தம் எடுக்கும் நாள் ஜூலை 29, புதன்கிழமை. அன்றைக்கு மட்டும் மாத்திரைக்கு முன்னால் இரத்தம் எடுக்க வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அந்தச் சமயத்துக்கு டி4 கொஞ்சம் ஏற்றிக் காட்டும். காலையிலேயே போய்விடுங்கள், மாத்திரையையும் தண்ணீரையும் கையோடு எடுத்துப்போய் லேபிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். அன்றைக்குக் காலண்டர் தாளைத் திரும்பி வந்து கிழித்தால் போதும்.

நேற்று அம்மா கால் செய்தபோது பின்னால் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. "புழுக்கம் தாங்கலைடி" என்று அவர்களாகவே சொன்னார்கள்.

அன்புடன்,
உங்கள் பாப்பா